கை இல்லாத படம்

ஆசிரியருக்கு,

குழந்தையின் ஓவியமும் கதையும் மனக்காயத்தைக் காட்டிவிடும் என்ற கட்டுரையை ஏற்க முடியவில்லை. 1967இல் உளவியலாளர்களான சாப்மன் தம்பதி, மனித ஓவியங்களோடு நோய்க்குறிகளைத் தொடர்பேயின்றி இணைத்து மாணவர்களிடம் காட்டினர். பெரிய கண் சந்தேக குணத்தின் அடையாளம் என்றே மாணவர்கள் கண்டனர். தேர்ந்த உளவியலாளர்கள் பலரும் அப்படியே நம்பியிருந்தனர். கை வரையாத குழந்தை பயந்திருக்கலாம்; கை வரையப் பழகாமலும் இருக்கலாம். படம் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது. கதையிலும் நேற்றுப் பார்த்த சினிமா கலந்திருக்கலாம்.

பேசத் தயங்கும் பிள்ளைக்கு வேறு வழி ஏது என்று கேட்கலாம். பேச்சைத் தொடங்கப் படமும் கதையும் உதவும், முடிவுசெய்ய உதவா. எனவே, மதிப்பீட்டு அறிக்கையில் குழந்தை சொன்னதையும் மதிப்பீட்டாளரின் ஊகத்தையும் தனித்தனியே எழுதவேண்டும். பெற்றோர், ஆசிரியர் தகவலோடும் நேரடி அவதானிப்போடும் ஒத்துவராத ஊகத்தைக் கைவிடவேண்டும்.

— ஒரு வாசகர், சிம்மக்கல், மதுரை