‘பழுப்பு நாய்’ என்றால் எந்த நாய்?

தாம்பரம், சேலையூர் தெருக்களில் பழுப்பு நாட்டு நாய்கள் ஏராளம். ‘பழுப்பு நாயைக் காணோம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால் யாருக்கு அடையாளம் தெரியும்?

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து எழுதுங்கள்: ‘நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு, வால் நுனி வெள்ளை, ஒரு காது மடங்கியிருக்கும், ஒல்லி உடம்பு.’ இடது, வலது என்று எழுதும்முன் கவனம்! சில போன்களில் செல்ஃபி படம் கண்ணாடிபோல் மாறியிருக்கும்.

மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் தெரியும். பக்கவாட்டுப் படத்தில், அருகில் நிற்பவரின் காலோடு ஒப்பிட்டு, ‘முழங்கால் உயரம்’ என்று குறிப்பிடுங்கள். கழுத்துப்பட்டை கழன்றிருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓர் அடையாளத்தை எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். ‘நாய் கிடைத்துவிட்டது, பணம் அனுப்புங்கள்’ என்று போன் வந்தால், அதைக் கேளுங்கள். நாயைப் பார்த்தவருக்குத்தான் பதில் தெரியும்.