டவுட் கேட்ட தோமா

கணக்கு வகுப்பில் ஒரு மாணவன் கை தூக்கி, "சார், ஒரு டவுட்" என்கிறான். ஆசிரியருக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. பாடத்தைக் கவனிக்கிறவனுக்குத்தான் டவுட் வரும் என்று அவருக்குத் தெரியும். அதே மாணவன் வீட்டில் அண்ணனிடம், "என்னையே சந்தேகப்படுறியா?" என்று சண்டை போடுவான். டவுட், சந்தேகம் இரண்டுக்கும் அகராதி ஒரே பொருள் தரலாம். ஆனால் நம் பிள்ளைகளின் வாயில் முதலாவது ஒரு கேள்வி, இரண்டாவது ஒரு குற்றச்சாட்டு. மறைக்கல்வி வகுப்பில் நாம் புனித தோமாவை எப்போதும் இரண்டாவது சொல்லோடுதான் அறிமுகப்படுத்தி வந்திருக்கிறோம். 'சந்தேகத் தோமா' என்ற பட்டப்பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, தன் மனத்தில் கேள்வி எழும்போது அதை வெளியே சொல்லும் துணிவு எப்படி வரும்?

பாஸ்கா 2ஆம் ஞாயிறன்று ஆண்டுதோறும் தோமாவைப் பற்றிய நற்செய்திப் பகுதிதான் வாசிக்கப்படுகிறது. அந்த வாரத்துக்காக, உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு 90 வினாடிக் காணொளி ஒன்றை நாங்கள் சில மறைக்கல்வி ஆசிரியர்கள் சேர்ந்து தயாரித்தோம். முதல் முயற்சி தவறிப்போனது. எங்கே தவறினோம் என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையில் இருக்கும் பலரும் அதே இடத்தில்தான் வழுக்குவார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் காணொளி இப்படி இருந்தது. தொடக்கத்தில் கரவாஜ்ஜோ 1600களின் தொடக்கத்தில் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம்: இயேசுவின் விலாக் காயத்துக்குள் தோமாவின் விரல் நுழைந்திருக்கும். அதன் மேல் ஒரு குரல், "சந்தேகப்படுவது தவறில்லை" என்றது. இருபதாவது வினாடிக்குள் தோமாவின் கேள்வி வந்துவிட்டது, நாற்பதாவது வினாடிக்குள் பதிலும் வந்துவிட்டது. மீதி நேரம் முழுவதும் நம்பிக்கையின் மேன்மை. போட்டுக் காட்டி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ தோமா தோத்துட்டாரா டீச்சர்?"

அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள். தவறில்லை என்று சொல்லிவிட்டு, தவறு செய்தவர் திருந்திய கதையைத்தான் நாங்கள் காட்டியிருந்தோம். வாய் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னது.

அதன்பின் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தோம். பல ஆண்டுகளாகக் கற்பித்த பகுதிதான். ஆனாலும் நாங்கள் கவனிக்காமல் விட்டவை இருந்தன. தோமா விரலை வைத்துத் தொட்டார் என்று நற்செய்தியாளர் எழுதவே இல்லை. இயேசு தொடும்படி அழைக்கிறார், உடனே தோமா தன் நம்பிக்கையை அறிக்கையிடுகிறார், அவ்வளவுதான். காயத்துக்குள் விரலை நுழைத்தது ஓவியரின் தூரிகை. அந்தப் படத்தை முகப்பில் வைத்ததுமே நற்செய்தியில் இல்லாத ஒன்றைப் பிள்ளைகளின் கண்ணில் பதித்துவிட்டோம்.

இரண்டாவது, தோமா மற்றவர்களைவிட மிக அதிகமாக எதையும் கேட்டுவிடவில்லை. முதல் நாள் மாலையில் இயேசு மற்றச் சீடர்களுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார், அதைக் கண்டுதான் அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று சில வரிகளுக்கு முன்பே இருக்கிறது. அன்று அங்கே இல்லாத ஒருவர், அவர்களுக்குக் கிடைத்தது தனக்கும் வேண்டும் என்கிறார். அந்த மற்றவர்களும், லூக்கா சொல்கிறபடி, கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்களின் செய்தியை முதலில் வெறும் பிதற்றல் என்று ஒதுக்கியவர்கள்தாம்.

மூன்றாவது, ஒரு சொல். நாம் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், இயேசு தோமாவிடம் பேசும் இடத்தில் 'ஐயம்' என்ற சொல் வருகிறது. சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலோ 'அவிசுவாசி' என்று வரும். மூலக் கிரேக்கச் சொல் 'அப்பிஸ்தோஸ்'. நம்பாதவர், நம்பிக்கையற்றுப் போனவர் என்ற பொருள் அதற்கு நெருக்கமானது. தடுமாற்றத்தைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் வேறு. மத்தேயு 28ஆம் அதிகாரத்தில், கலிலேய மலைமேல் சீடர் இயேசுவைப் பணிந்து வணங்கும்போதே சிலர் ஐயுற்றார்கள் என்ற இடத்தில் அது வருகிறது. அங்கே இயேசு அவர்களைத் தனியே பிரித்து நிறுத்தவில்லை. எல்லாரையும் சேர்த்தே உலகெங்கும் அனுப்புகிறார். நம்பாதவராகிவிட வேண்டாம் என்று தோமாவிடம் சொன்னதும், ஐயப்படவே கூடாது என்று சொல்வதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் நாம் ஒரு காணொளியில் உட்கார்ந்து பேசக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக எங்கள் கண்ணைத் திறந்தது அந்த 'எட்டு நாள்'. தோமா தன் நிபந்தனையைச் சொன்னதற்கும் இயேசு மீண்டும் வந்ததற்கும் இடையே ஒரு வாரம் இருக்கிறது. எட்டாம் நாளில் கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே தோமா இருக்கிறார். "இவன் நம்பவில்லை, வெளியே அனுப்பு" என்று யாரும் சொன்னதாக இல்லை. "நீங்கள் எல்லாரும் ஏமாந்துவிட்டீர்கள்" என்று அவரும் எழுந்து போய்விடவில்லை. வகுப்பை விட்டுப் போனவன் டவுட் கேட்பதில்லை. கேட்கிறவன் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். நேர்மையான ஐயம் நம்பிக்கைக்குள்ளேயே இருக்க முடியும் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் காணொளியை அந்த எட்டு நாளைச் சுற்றியே அமைத்தோம். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள்தாம் சொல்ல முடிகிறது. அதற்கு மேல் திணித்தால் வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஆகவே 90 வினாடிக்கு 120 சொற்கள் என்று வைத்துக்கொண்டு, மீதியை மௌனத்துக்கு விட்டோம். முதல் காட்சியில் முகம் இல்லை. ஒரு கை உள்ளிருந்து கதவைத் தாழிடுகிறது, தாழ்ப்பாளின் ஓசை மட்டும். பிறகு குரல்: "மத்தவங்க எல்லாரும் பார்த்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் பார்க்கல. அன்னைக்கு அவர் அங்க இல்ல." அடுத்து, "அவங்க சொன்னதுக்கு அவர் சும்மா தலையாட்டல. நீங்க பார்த்ததை நானும் பார்க்கணும்னு சொன்னார்." அதன்பின் ஒரு மேசை. ஒவ்வொரு நாளாகத் தட்டுகள் வைக்கப்படுகின்றன, எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் தோமாவின் தட்டும் அங்கே இருக்கிறது. இந்த இடத்தில் பத்து வினாடிக்குப் பேச்சே கிடையாது. முடிவில், "எட்டாவது நாள். கதவு பூட்டித்தான் இருந்துச்சு. தோமா உள்ளதான் இருந்தார்." இயேசுவாக யாரையும் நடிக்க வைக்கவில்லை. திரையில் வெளிச்சம் மாறுவதோடு நிறுத்திவிட்டோம். கடைசிச் சொற்கள்: "உனக்கு என்ன டவுட்?"

எழுத்துகளைத் திரையின் அடியில் போடாமல் நடுவுக்குச் சற்றுக் கீழே போட்டோம். கைப்பேசியில் செங்குத்தாகப் பார்க்கும்போது அடியில் செயலியின் பொத்தான்கள் வந்து மறைத்துவிடும். பிள்ளைகளில் பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

எந்தக் கேள்வியையும் நேர்மையான ஐயம் என்று சொல்லிவிட முடியுமா என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2088ஆம் எண்ணில் இரண்டையும் பிரித்தே பேசுகிறது. உண்மையென அறிவிக்கப்பட்டதை ஏற்க மறுத்து வேண்டுமென்றே வளர்த்துக்கொள்ளும் ஐயம் ஒன்று. நம்புவதில் தயக்கம், எதிர்வாதங்களைத் தாண்ட முடியாத திணறல், நம்பிக்கையின் புரியாத பக்கங்கள் தரும் கலக்கம் என்று தானாக வருவது மற்றொன்று. வகுப்பில் இவற்றை அடையாளம் காண நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: என்ன கிடைத்தால் இந்தப் பிள்ளைக்குத் தெளியும் என்று அதனால் சொல்ல முடிகிறதா? தோமாவால் சொல்ல முடிந்தது. மிகத் துல்லியமாகவே சொன்னார். எந்தப் பதில் வந்தாலும் அடுத்த கேள்விக்குத் தாவுகிற பிள்ளையிடம் பெரும்பாலும் வேறொரு வருத்தம் இருக்கும். அதைத் தனியே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

காணொளியால் முடியாத இடங்களும் உண்டு. "கடவுள் இருக்கிறாரா?" என்ற ஒரே கேள்வி அறிவியல் பாடப் புத்தகத்திலிருந்தும் வரலாம், தந்தை இறந்த மருத்துவமனை வராந்தாவிலிருந்தும் வரலாம். இரண்டாமவனுக்கு இந்தக் காணொளியை அனுப்பி வைப்பது கொடுமை. அவன் வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.

இன்னொன்று, எட்டாம் நாளில் எல்லாருக்கும் தெளிவு வந்துவிடும் என்ற எண்ணத்தைக் காணொளி விதைத்துவிடக் கூடாது. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்கு 1896 பாஸ்கா நாள்களில் விண்ணகத்தைப் பற்றிய இருள் சூழ்ந்தது. 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில் இறக்கும்வரை அது விலகவில்லை. அவர் மடத்தை விட்டுப் போகவில்லை, செபிப்பதை நிறுத்தவில்லை. அவரைத் திருச்சபை புனிதர் என்கிறது, மறைவல்லுநர் என்றும் போற்றுகிறது. நாங்கள் முதலில் எழுதிய உரையில் இறுதி வரி, "காத்திரு, உனக்கும் தெரியவரும்" என்று இருந்தது. தெரேசாவை நினைத்து அதை அடித்துவிட்டோம். நம்மால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைப் பிள்ளைகளுக்குத் தரக்கூடாது.

காணொளி முடிந்ததும் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். நாங்கள் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் எழுதச் சொன்னோம். இரண்டு மூன்று நிமிடம் யாரும் எழுதவில்லை. அந்த நேரத்தில் பேசிவிட வேண்டும் என்று ஆசிரியருக்கு வாய் பரபரக்கும், பொறுத்திருக்க வேண்டும். பிறகு பேனாக்கள் நகர்ந்தன. செபத்துக்குப் பதில் வராதது பற்றியும், வேற்று மத நண்பர்கள் பற்றியும், பூசையில் சலிப்பு வருவது பற்றியும் எழுதியிருந்தார்கள். எதையும் அன்றே தீர்த்துவிட முயலவில்லை, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

ஒரு தாளில் மட்டும் இப்படி இருந்தது: "அந்த எட்டு நாளும் மத்தவங்க தோமாகிட்ட எப்படிப் பேசினாங்க?" நற்செய்தியில் அதற்குப் பதில் இல்லை. அந்தத் தாளை எழுதிய பிள்ளை யாரென்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, பிள்ளைகளை விட்டுவிட்டு, ஆசிரியர்கள் நாங்கள் மட்டும் உட்கார்ந்து அந்தக் கேள்வியைத்தான் பேசினோம்.