பின் மஹர் என்பது கடன், சாச்சி!

போன வாரம் ரோலாவில் சாச்சி வீட்டில், மகளின் நிக்காஹ் ஒப்பந்தத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். அரபியில் ஒன்று, கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு. சாச்சி தினமும் குர்ஆன் ஓதுபவர்தான், ஆனால் அரபி புரியாது. ஆங்கிலத் தாளில் ஒரு சொல்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏன் தம்பி, கைக்கூலி வேணாம்னுதானே மாப்பிள்ளை வீட்ல சொன்னாங்க? இங்க 'டௌரி 21,000 திர்ஹம்'னு போட்டிருக்கே!"

"அது மஹர், சாச்சி. மொழிபெயர்ப்பவர்கள் அதை டௌரினு போட்டுடுறாங்க. கைக்கூலி பொண்ணு வீட்ல இருந்து போறது. மஹர் மாப்பிள்ளை பொண்ணுக்குக் கொடுக்கிறது. அது அவளோட சொந்தக் காசு. சாச்சாவுக்குக்கூட அதுல உரிமை இல்ல."

நிக்காஹ் என்பதே ஒரு ஒப்பந்தம். பெண்ணின் சம்மதம், அவளுடைய வலி, அதாவது பொறுப்பாளரான தகப்பனார், மணமுடித்துக் கொடுக்கும் சொல், மாப்பிள்ளை அதை ஏற்கும் சொல், இரண்டு சாட்சிகள். மஹர் அந்த ஒப்பந்தத்தால் கணவன் மேல் விழும் கடமை. அந்தத் தாளில் அது இரண்டு வரிகளாக இருந்தது: முகத்தம் 1,000, முஅக்கர் 20,000.

முகத்தம் என்றால் முன்னால் கொடுப்பது. 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தால், பணம் உண்மையிலேயே கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து போட வேண்டும். இல்லையென்றால் பிறகு கேட்பது கஷ்டம்.

முஅக்கர் என்றால் பின்னால் கொடுப்பது. தலாக் அல்லது மரணம், எது முதலில் வருகிறதோ அப்போது கொடுக்க வேண்டும் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள்.

"மௌத்துக்கு அப்புறம் யாருகிட்ட போய் கேக்கிறது?" என்றார் சாச்சி.

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. பின் மஹர் வாரிசுப் பங்கு அல்ல, கடன். கணக்குப் போட்டுக் காட்டினேன். அடக்கச் செலவு போக ஒருவர் 1,00,000 திர்ஹம் விட்டுப் போகிறார், பிள்ளைகள் உண்டு, வேறு கடனோ வஸிய்யத்தோ இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மஹர் 20,000 மனைவிக்கு. மீதி 80,000-ல்தான் பாகப் பிரிவினை. அதில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 10,000. ஆக 30,000. மஹரை மறந்துவிட்டால் அவளுக்குக் கிடைப்பது வெறும் 12,500.

சாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்க நன்னா மௌத்தானப்போ, மய்யித்தை எடுக்கறதுக்கு முன்னாடி நன்னிகிட்ட 'மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க'ன்னாங்க. அவங்களும் அழுதுக்கிட்டே தலையாட்டினாங்க. எவ்வளவுன்னு யாரும் சொல்லல."

மனைவி மஹரை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 4-வது வசனம். தொகையே தெரியாமல், அழுகைக்கு நடுவில் ஆட்டிய தலையை மனமுவந்தது என்று எப்படிச் சொல்வது?

சாச்சி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். மகளின் தாளை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். தன்னுடைய பழைய நிக்காஹ் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இதுல எவ்வளவு போட்டிருக்குன்னு பாரு, தம்பி."