கடைசி ஸ்லைடில் என்ன கேட்கலாம்?

மேருவிலிருந்து இளம் வாசகி ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் பற்றித் தாம் எழுதிய பத்தியை அனுப்பி, "இதை இன்ஸ்டாகிராமில் பல ஸ்லைடுகளாகப் போட்டேன், யாரும் மூன்றாவதைத் தாண்டவில்லை" என்று வருந்தியிருந்தார். அந்தப் பத்தி சொல்வது இதுதான்:

"பிரிக்பீல்ட்ஸ் இன்று லிட்டில் இந்தியா எனப்படுகிறது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் அது திறக்கப்பட்டது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. பிறகு ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார். செங்கல் சூளைகள் இங்கே இருந்ததால் இப்பெயர் வந்தது. பின்னர் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன."

தகவல் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் செய்தது, ஒவ்வொரு வாக்கியத்தையும் அதே வரிசையில் ஒரு ஸ்லைடில் ஒட்டியது. அதனால் எல்லாருக்கும் தெரிந்த 'லிட்டில் இந்தியா' முதலில் வந்துவிட்டது. கதையின் முடிச்சான செங்கல் ஐந்தாவது ஸ்லைடில் ஒளிந்துகொண்டது. கட்டுரை படிப்பவர் பொறுத்திருப்பார். கட்டை விரல் பொறுக்காது.

முதலில் பத்திக்கு ஒரே ஒரு கேள்வி வையுங்கள். இங்கே அது, 'இந்தப் பெயர் எப்படி வந்தது?' அதற்குப் பதில் சொல்லாத வரியை வெளியே எடுங்கள். 2010ஆம் ஆண்டுத் திறப்பு விழா அப்படிப்பட்டது. அது படத்தின் கீழே எழுதும் விளக்கத்துக்குப் போகட்டும். மீதியை இப்படிப் பிரிக்கலாம்:

1. பிரிக்பீல்ட்ஸ்: பெயரில் இருக்கும் செங்கல் எங்கே?

2. 1881. ஒரே ஆண்டில் தீ, வெள்ளம். கோலாலம்பூரின் மர வீடுகள் அழிந்தன.

3. இனி செங்கல்லும் ஓடும் என உத்தரவிட்டார் சுவெட்டன்ஹாம்.

4. செங்கல் சூளைகள் எரிந்த இடம் இதுதான். பெயர் ஒட்டிக்கொண்டது.

5. சூளை போனது, ரயில் வந்தது. குடியிருப்புகளில் நம் குடும்பங்கள்.

ஒரு ஸ்லைடில் பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. இரண்டாவது ஸ்லைடைக் கவனியுங்கள். முதல் படத்தைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாவது படத்திலிருந்து மறுபடி காட்டும். அதனால் அந்த ஸ்லைடு தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும். 'அதன் பிறகு' என்று தொடங்கினால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

இப்போது ஆறாவது, கடைசி ஸ்லைடு. வாசகி அங்கே "நன்றி! லைக் செய்யுங்கள், பகிருங்கள், பின்தொடருங்கள், கருத்துச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். ஒரே நேரத்தில் நான்கு வேலை கொடுத்தால் யாரும் ஒன்றையும் செய்யமாட்டார்கள். ஐந்தாவது ஸ்லைடு எங்கே நிற்கிறதோ, அங்கிருந்தே ஒன்றை மட்டும் கேளுங்கள்:

6. உங்கள் தாத்தா ரயில்வேயில் இருந்தாரா? எந்தக் குடியிருப்பு? கீழே எழுதுங்கள்.

பதில் ஒரு வரியில் முடியும், கையோடு எழுதலாம். தெரியாதவர் அதை அம்மாவுக்கு அனுப்பிக் கேட்பார். பகிர்வும் அப்படியே நடந்துவிடும். அந்தக் குடும்பங்களின் நினைவுகள் ஓர் இடத்தில் சேர்வதுதான் இந்தப் பதிவின் உண்மையான பயன். கடைசி ஸ்லைடு சரியா என்று பார்க்க, அதை மட்டும் ஒருவரிடம் காட்டி, "என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். உடனே சொல்லிவிட்டால் சரி. பதிவேற்றிய பிறகு, "அருமை" என்ற கருத்துகளே வந்து, குடியிருப்பின் பெயர் ஒன்றுகூட வராவிட்டால், கேள்வி இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

வடிவமைக்கும்போது எல்லாப் படமும் ஒரே அளவில், 1080 × 1350 பிக்சலில் இருக்கட்டும். முதல் படத்தின் வடிவத்துக்கே மற்றவையும் வெட்டப்படும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விடுங்கள், இல்லையேல் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் மோதிக்கொள்ளும். சில எழுத்துருக்களில் 'கொ' பிரிந்து கொம்பு தனியே நிற்கும். கணினியில் சரியாகத் தெரிந்தாலும், இறக்கிய படத்தைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.