திரையில் ஒரு விலை, கையில் வேறு விலை: வர்த்தகம் குறைந்த பங்குகளை அவசரமாக விற்பதன் செலவு

கைப்பேசிச் செயலியில் ஒரு பங்கின் விலை ரூ.102 என்று தெரிகிறது. கையிருப்பில் 2,000 பங்குகள் உள்ளதால், அவற்றின் மதிப்பு ரூ.2,04,000 என்றும் செயலி கணக்குக் காட்டுகிறது. ஆனால், அவசரத் தேவைக்காக அவற்றை ஒரே நேரத்தில் விற்கும் முதலீட்டாளரின் கணக்கில் அந்தத் தொகை முழுமையாக வந்து சேர்வதில்லை. பெரிய நிறுவனப் பங்குகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. சிறிய நிறுவனங்களின் பங்குகளிலோ, தரகுக் கட்டணத்தையும் வரியையும் விடப் பல மடங்கு பெரிய செலவாக அது அமைந்துவிடுகிறது.

இரண்டு விலைகள்

திரையில் காணப்படும் விலை, கடைசியாக நடந்த பரிவர்த்தனையின் விலை மட்டுமே. வர்த்தகம் குறைந்த பங்கில் அந்தப் பரிவர்த்தனை அரை மணி நேரத்துக்கு முன் வெறும் 10 பங்குகளுக்கு நடந்ததாகவும் இருக்கலாம். உண்மையில் எந்தப் பங்குக்கும் ஒரே நேரத்தில் இரண்டு விலைகள் உண்டு. வாங்க வந்தவர்கள் தர முன்வரும் அதிகபட்ச விலை ஒன்று. விற்க வந்தவர்கள் கேட்கும் குறைந்தபட்ச விலை மற்றொன்று. உடனே விற்க வேண்டியவருக்கு முதல் விலையே கிடைக்கும்; உடனே வாங்க வேண்டியவர் இரண்டாவது விலையைத் தர வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே விலை இடைவெளி எனப்படுகிறது.

அதிகம் வர்த்தகமாகும் ஒரு பங்கில் வாங்கும் விலை ரூ.800.00, விற்கும் விலை ரூ.800.10 என்று வைத்துக்கொள்வோம். நடுவிலை ரூ.800.05. சுமார் ரூ.2.04 லட்சம் மதிப்புள்ள 255 பங்குகளை உடனே விற்பவர், நடுவிலையுடன் ஒப்பிட்டால் சுமார் ரூ.13 மட்டுமே இழக்கிறார். அந்த விலையிலேயே ஆயிரக்கணக்கான பங்குகளை வாங்க ஆட்கள் காத்திருப்பதே இதற்குக் காரணம்.

ரூ.11,700 எங்கே போனது?

இனி ரூ.102 பங்குக்கு வருவோம். அதன் வாங்கும் விலை ரூ.100, விற்கும் விலை ரூ.104, நடுவிலை ரூ.102. வாங்குவதற்காகப் பட்டியலில் காத்திருப்போர் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம்: ரூ.100-க்கு 300 பங்குகள், ரூ.99-க்கு 200, ரூ.97.50-க்கு 400, ரூ.95-க்கு 600, ரூ.93-க்கு 500.

விலையைக் குறிப்பிடாமல் 'மார்க்கெட் ஆர்டர்' முறையில் 2,000 பங்குகளையும் விற்றால், முதல் 300 பங்குகளுக்கு மட்டுமே ரூ.100 கிடைக்கும். அந்த ஆர்டர் தீர்ந்ததும் அடுத்த படியில் உள்ள ரூ.99-க்கும், பின்னர் அதற்கும் கீழான விலைகளுக்கும் பங்குகள் இறங்கிச் செல்லும். மொத்தமாகக் கிடைப்பது ரூ.1,92,300. சராசரி விலை ரூ.96.15. திரை காட்டிய மதிப்பை விட ரூ.11,700, அதாவது சுமார் 5.7 சதவீதம் குறைவு.

இந்த இழப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. நடுவிலைக்கும் ரூ.100-க்கும் உள்ள ரூ.2 வேறுபாட்டால் ஏற்பட்டது ரூ.4,000. எஞ்சிய ரூ.7,700, அந்த விலையில் வாங்குவோர் போதுமான அளவில் இல்லாததால் ஏற்பட்டது. இதே விற்பனைக்கான பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது சுமார் ரூ.192 மட்டுமே. வரி ஒப்பந்தக் குறிப்பில் அச்சாகிறது; ரூ.11,700 எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை.

இடைவெளி ஏன் விரிகிறது?

வாங்கக் காத்திருப்பவர் ஓர் அபாயத்தை ஏற்கிறார். வாங்கிய பங்கை மீண்டும் விற்க அடுத்த ஆள் எப்போது வருவார் என்பது அவருக்குத் தெரியாது. தவிர, சிறிய நிறுவனம் குறித்த தகவல்கள் பொதுவெளியில் குறைவு. எதிரில் விற்பவர் தமக்குத் தெரியாத பாதகமான செய்தி ஒன்றை அறிந்திருக்கலாம் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. இவ்விரண்டுக்கும் ஈடாகவே அவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தனிச் சந்தைத் தளங்களில், பட்டியலிட்ட பின் மூன்று ஆண்டுகளுக்கு இருபுற விலையையும் அளிக்கும் 'மார்க்கெட் மேக்கர்' ஒருவர் கட்டாயம் என செபி விதித்திருப்பதும் இதனால்தான். முதன்மைச் சந்தையின் சிறிய பங்குகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

குறிப்பிட்ட தொகைக்கு வாங்கும்போதோ விற்கும்போதோ நடுவிலையிலிருந்து எத்தனை சதவீதம் விலக நேர்கிறது என்பதைத் தேசியப் பங்குச் சந்தை 'இம்பாக்ட் காஸ்ட்' என்ற பெயரில் அளவிடுகிறது. நிஃப்டி 50 குறியீட்டில் இடம்பெற, ரூ.10 கோடி அளவிலான பங்குத் தொகுப்புக்கு இந்தச் செலவு முந்தைய ஆறு மாதங்களில் 90 சதவீத நேரங்களில் 0.50 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். மேற்கண்ட பங்கிலோ, ரூ.2 லட்சத்துக்கே அது 5.7 சதவீதமாகிறது.

நிதி நிறுவனங்களுக்கும் இதே நிலை

இது சிறு முதலீட்டாளரின் சிக்கல் மட்டுமல்ல. சிறு மற்றும் நடுத்தரப் பங்குகளில் முதலீடு செய்யும் பரஸ்பர நிதித் திட்டங்கள், தங்கள் தொகுப்பில் 25 மற்றும் 50 சதவீதத்தை விற்க எத்தனை நாள்கள் ஆகும் என்பதை 2024 மார்ச் முதல் வெளியிட்டு வருகின்றன. முதல் வெளியீட்டின்படி, பாதித் தொகுப்பை விற்க நிப்பான் இந்தியா ஸ்மால் கேப் திட்டத்துக்கு 27 நாள்களும், எஸ்பிஐ ஸ்மால் கேப் திட்டத்துக்கு 60 நாள்களும் தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது.

இந்தக் கணக்கில், விற்கக் கடினமான 20 சதவீதப் பங்குகள் விலக்கி வைக்கப்படுகின்றன. மேலும், நாள்களின் எண்ணிக்கை காலத்தைத்தான் சொல்கிறது. அதற்குள் விலை எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்வதில்லை.

காத்திருப்பதும் ஒரு செலவு

குறைந்தபட்ச விலையைக் குறிப்பிட்டு விற்கும் 'லிமிட் ஆர்டர்' மூலம் படிப்படியான சரிவைத் தவிர்க்கலாம். ஒரு பங்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 5,000 பங்குகள் கைமாறினால், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விற்காதவர் தினம் 500 வீதம் நான்கு நாள்களில் 2,000 பங்குகளை விற்று முடிக்கலாம். அதற்குள் வாங்குவோர் புதிதாக வரக்கூடும். ஆனால் அந்த நான்கு நாள்களில் விலை சரிந்தால், அந்த இழப்பும் அவருடையதே.

தினசரி விலை வரம்பு இருக்கும்போது நிலைமை மேலும் இறுகும். மேற்கண்ட கணக்கு, வரம்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பங்குக்கே பொருந்தும். முந்தைய நாள் முடிவு விலை ரூ.102 ஆகவும் வரம்பு 5 சதவீதமாகவும் இருந்தால், அன்று ரூ.96.90-க்குக் கீழ் எந்த ஆர்டரும் ஏற்கப்படாது. அப்போது 900 பங்குகள் மட்டுமே விற்கும். எஞ்சிய 1,100 பங்குகளுக்கு வாங்குவோர் இல்லை. மறுநாள் வரம்பு புதிய முடிவு விலையிலிருந்து கணக்கிடப்படும். இவ்வாறு 'லோயர் சர்க்யூட்' தொடர்ந்தால், விலையைக் குறைத்துக் கேட்டும் வெளியேற முடியாத நிலை உருவாகிறது.

எனவே, இத்தகைய பங்கை வாங்கும் முன்னரே செயலியில் ஐந்து படிகளாகக் காட்டப்படும் வாங்குவோர் பட்டியலைப் பார்ப்பது அவசியமாகிறது. வாங்கவிருக்கும் எண்ணிக்கையை அந்தப் படிகளில் இறக்கிக் கணக்கிட்டால், வெளியேறும் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும். ரூ.102 பங்கில் 200 மட்டும் வைத்திருப்பவருக்கு முதல் படியான ரூ.100-லேயே விற்பனை முடிந்துவிடும், இழப்பு ரூ.400 மட்டுமே. ஆனால் விற்கும் நாளிலும் அதே பட்டியல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பாதகமான செய்தி வெளியாகும் நாளில் முதலில் விலக்கிக்கொள்ளப்படுவது, காத்திருக்கும் அந்த வாங்கும் ஆர்டர்களே.