எங்கே மட்கும்?

ஜூஸ் கடைக் குவளையில் ‘மட்கும் தன்மை கொண்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. எங்கே, எத்தனை நாளில் என்பது மட்டும் இருப்பதில்லை. சோள மாவிலிருந்து தயாராகும் பாலிலாக்டிக் அமிலக் குவளை, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம் காக்கும் உர ஆலையில் சில மாதங்களில் மட்கிவிடும். அதுவே சாக்கடையிலோ கடலிலோ விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆலைச் சூழலுக்கான சான்றைத் தெருவுக்கும் பொருத்திவிடுவதுதான் விளம்பரதாரரின் சாமர்த்தியம். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இத்தகைய சொற்களுக்கு ஆதாரமும் விளக்கமும் கேட்கின்றன. மட்கும் இடத்தையும் கால அளவையும் குவளையின் மீதே, அதே அளவு எழுத்தில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.