கடல்பாசிக்குப் பக்கத்து எண் 407: தயிர்க் குவளையின் பின்பக்கம் சொல்வது என்ன?

2023 மார்ச் மாதம் தயிர் பாக்கெட்டின் பெயரை வைத்துத் தமிழகத்தில் எழுந்த சர்ச்சையை நாம் மறந்திருக்க மாட்டோம். 'தஹி' என்று அச்சிட்டு, 'தயிர்' என்பதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள் என்றது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 30 அன்று அந்த உத்தரவு திருத்தப்பட்டது. முன்பக்கத்து ஒரு சொல்லுக்காக இவ்வளவு பேசிய நாம், அதே பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை எத்தனை முறை வாசித்திருப்போம்?

திருச்சி பாலக்கரையிலிருந்து ஒரு சகோதரி நமக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று பழச்சுவை யோகர்ட் குவளை. அதில் 'கெட்டிப்படுத்திகள் 407, 412, 440' என்று இருந்தது. மற்றொன்று பாதாம் பானம். அதில் 'நிலைப்படுத்தி 418'. கூடவே வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் சுற்றிவரும் செய்தியும் வந்தது: "இந்த எண்கள் எல்லாம் பன்றிக் கொழுப்பு, சமுதாயமே உஷார்!" பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

407-இலிருந்து தொடங்குவோம். நம் வீடுகளில் ரமளான் மாதம் பால் ஊற்றிக் காய்ச்சி, தட்டில் ஆறவைத்து, துண்டு போட்டு இஃப்தாருக்கு வைக்கும் கடல்பாசியை அறியாதவர் யார்? அந்தக் கடல்பாசிக்குச் சர்வதேசப் பட்டியலில் உள்ள எண் 406. அடுத்த எண்ணான 407 கராஜீனன். அதுவும் சிவப்புக் கடற்பாசி இனங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. கராஜீனன் தரும் கப்பாபைகஸ் என்ற பாசியை ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோரக் குடும்பங்கள் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கின்றன. பன்னிரண்டு அடிக்குச் சற்றுக் குறைவான சதுர மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால், கடல் ஒத்துழைத்தால் 45 நாட்களில் 250 கிலோ வரை அறுக்கலாம். இதில் பெண்களின் உழைப்பே அதிகம்.

காய்ந்த பாசியைக் காரக் கரைசலில் வேகவைத்து, வடிகட்டி, அதிலிருந்து கராஜீனனைப் பிரிக்கிறார்கள். பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொட்டாசியம் குளோரைடு உப்பைச் சேர்த்து உறையவைத்து நீரைப் பிழிந்தெடுப்பது. மற்றொன்று ஆல்கஹால் சேர்த்துத் திரியவைப்பது. இந்த இரண்டாவது வழிதான் சிலருக்குச் சங்கடம் தருகிறது. பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது ஐசோபுரொபைல் ஆல்கஹால். மருத்துவமனையில் ஊசி போடுமுன் தோலைத் துடைப்பார்களே, அந்த வகை. அது மது அல்ல, உலர்த்தும்போது ஆவியாகிவிடும். மிஞ்சும் அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தரக்குறிப்பு சொல்கிறது. இதன் மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால் கேட்கும்போது 'பன்றிக் கொழுப்பா?' என்று கேட்காமல், நடப்பது இன்னது என்று சொல்லிக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

மற்ற மூன்று எண்களுக்கும் விலங்கோடு தொடர்பில்லை. 412 கொத்தவரை விதையிலிருந்து வரும் பிசின். ராஜஸ்தான்தான் இதற்குப் பேர்போனது. 440 பெக்டின், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் இருப்பது. 418 ஜெல்லன், நுண்ணுயிரைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துப் பெறுவது.

இவற்றை ஏன் சேர்க்க வேண்டும்? ஆப்பத்துக்குப் பிழிந்த தேங்காய்ப்பாலை ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே கொழுப்பு திரளும், கீழே தண்ணீர் நிற்கும். கடையில் மாதக்கணக்கில் இருக்கும் பாதாம் பானத்துக்கும் இதே கதிதான். அதில் சேர்த்த கால்சியம் பொடியும் அடியில் கல்லாய்ப் படிந்துவிடும். ஜெல்லன் மிகச் சிறிய அளவிலேயே கண்ணுக்குத் தெரியாத வலை போல நின்று துகள்களைத் தாங்குகிறது. யோகர்ட்டில் வேறு சிக்கல். வண்டியில் குலுங்கிக் கடைக்கு வருவதற்குள் தயிர் நீர் விட்டுவிடும். பிசினும் பெக்டினும் அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுத் தயிர் நீர் விட்டால் நாம் வடித்துவிட்டுச் சாப்பிடுகிறோம், கடைக்காரரிடம் அப்படிப்பட்ட குவளை வந்தால் திருப்பித் தருகிறோம்.

சேர்த்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது சட்டம். சேர்க்கைப் பொருள் என்ன வேலை செய்கிறது என்ற வகைப்பெயரோடு, அதன் பெயரையோ எண்ணையோ உட்பொருள் பட்டியலில் காட்ட வேண்டும். ஆகவே எண் இருப்பது எதையோ மறைத்ததற்கு அடையாளம் அல்ல. ஆனால் எண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. பொருள் எது என்று அது சொல்லும், எதிலிருந்து வந்தது என்று எப்போதும் சொல்லாது. 471 என்ற எண்ணைப் பாருங்கள். அது கொழுப்பிலிருந்து செய்யப்படும் பால்மமாக்கி. பனை எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம், எண் ஒன்றேதான். சில யோகர்ட்டுகளைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஜெலட்டினோ மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது.

இங்கேதான் பச்சைப் புள்ளி உதவுகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையில் இதே குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் சிரித்தார்: "பாய், எங்க தெரு மாமிங்களும் இப்படித்தான் பாக்குறாங்க. பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்துட்டு எடுங்க." அவர்கள் தேடுவதும் நாம் தேடுவதும் வெவ்வேறு காரணத்துக்காக, பொருள் மட்டும் ஒன்றுதான்: ஜெலட்டின். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் விலங்குப் பொருள் (பால், தேன் போன்றவை நீங்கலாக) இருந்தால் பச்சைப் புள்ளி போட முடியாது. அதனால் 471 பற்றிய சந்தேகத்தையும் அந்தப் புள்ளி பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. மது கலந்த வாசனைப் பொருளைப் பற்றி மட்டும் அது எதுவும் சொல்லாது.

நமக்கு உண்மையான சிக்கல் திருச்சி விமான நிலையத்தின் வழியாக வருகிறது. துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து சொந்தங்கள் பெட்டியில் கொண்டுவரும் இனிப்புகளிலும் புட்டிங் பொடிகளிலும் இந்தப் புள்ளி இருக்காது. அவற்றில் 'ஜெலட்டின்' என்ற சொல்லையும் 471 போன்ற எண்களையும் தேடி, அந்நாட்டு ஹலால் முத்திரை உண்டா என்று பார்க்க வேண்டும்.

கராஜீனன் குடலைப் புண்ணாக்கும் என்ற பேச்சும் உண்டு. அமிலத்தில் சிதைத்த கராஜீனன் விலங்குகளுக்குத் தீங்கு செய்தது ஆய்வுகளில் தெரியவந்தது. ஆனால் உணவில் சேர்ப்பது அந்தச் சிதைந்த வகை அல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்று தற்காலிக வரம்பு வைத்து, மேலும் தரவு கேட்டது. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் கவலை வேறு. பிசின் சேர்த்த பாதாம் பானம் நாக்குக்குப் பால் போலவே கெட்டியாக இருக்கும். ஆனால் 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம் இருக்க, பல பாதாம் பானங்களில் அது ஒரு கிராமைக்கூடத் தொடுவதில்லை. சோயா பானம்தான் பாலுக்கு அருகில் வருகிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இவற்றில் எதுவும் தாய்ப்பாலுக்கு மாற்று அல்ல. பாலக்கரைச் சகோதரிக்கு நாம் எழுதிய பதிலும் இதுதான்: 407-ஐயும் 418-ஐயும் விடுங்கள், அதே லேபிளில் 'புரதம்' என்று இருக்கும் வரியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.